எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேரட் கேக்

அக்கா மகன் பிறந்தநாளுக்குக் கேரட் கேக் செய்கிறேன் என்று சொன்னதும், பக்கத்து வீட்டுச் சீன அக்கா முள்ளங்கி துருவியாகிவிட்டதா என்று கேட்டார். சிங்கப்பூரில் அரிசி மாவும் முள்ளங்கியும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, முட்டையோடு வறுத்துத் தருவதற்கும் அதே பெயர்தான். அதில் கேரட் ஒரு துருவல்கூடக் கிடையாது. என் மாமியாரின் வருத்தம் வேறு மாதிரி: "நல்ல கேரட்டை ஏம்மா கேக்குல போட்டு வீணாக்குற? சாம்பாருக்கு ஆகுமே." இரண்டு பேரும் மறுநாள் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள்.

முதல் தடவை நான் செய்தது கேக் இல்லை. மேலே பஞ்சு, அடியில் அல்வா. துருவ சோம்பல்பட்டு கேரட்டை பிளெண்டரில் அடித்ததுதான் காரணம். சாறு விட்டுக் கூழாகி, அத்தனையும் தட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் இந்தக் குறிப்பில் கேரட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன்.

8 அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு அளவு:

கோதுமை மாவு 220 கிராம் (சாதா மாவு போதும், தானாக உப்பும் மாவு வேண்டாம்)
பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி
சோடா மாவு அரைத் தேக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
பட்டைத் தூள் 2 தேக்கரண்டி
சுக்குத் தூள் அரைத் தேக்கரண்டி
ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, அப்போதே துருவியது
கிராம்புத் தூள் 2 சிட்டிகை
பழுப்புச் சர்க்கரை 200 கிராம்
முட்டை 3, குளிர் விட்டது
எண்ணெய் 180 மில்லி
கேரட் துருவல் 250 கிராம் (நடுத்தரக் கேரட் மூன்று)
முந்திரி அல்லது வால்நட் 60 கிராம், வறுத்து உடைத்தது

ஜாதிக்காய்க்குப் பினாங்கில் பஞ்சமே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கே நட்டது. பாலேக் பூலாவ் பக்கம் இன்னும் தோட்டங்கள் இருக்கின்றன. ஊரில் எல்லாரும் சதையை ஊறுகாயாகவும் ஜூஸாகவும் சாப்பிடுகிறார்கள். கேக்குக்கு நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் கொட்டை. முழுதாக வாங்கி, வேண்டும்போது நாலு இழை துருவிக்கொள்ளுங்கள். ஏலக்காய் போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், கேசரி வாசம் வந்துவிடும்.

அடுத்தது எண்ணெய். வெண்ணெயில் செய்த கேக் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனால் கட்டியாகிவிடும், ஏனென்றால் வெண்ணெயே உறைகிறது. எண்ணெய் உறையாது, மாவைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் கேக் மெத்தென்று ஈரமாகவே நிற்கும். மேலே கிரீம் சீஸ் தடவினால் இந்த ஊர்ச் சூட்டுக்கு எப்படியும் பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஆகவே எண்ணெய்தான் சரி. அதிலும் சூரியகாந்தி அல்லது சோள எண்ணெய். பொரிக்க வாங்கும் பாமாயில் பாக்கெட் குளிரில் மங்கலாகித் தடிக்கும். தேங்காயெண்ணெய் ஏர்கான் அறையிலேயே உறைந்துவிடும். நல்லெண்ணெய் வாசத்தை எந்தப் பட்டையாலும் மறைக்க முடியாது.

இப்போது கேரட். தோல் சீவி, ஈரம் போகத் துணியால் துடையுங்கள். கைத் துருவியின் நடுத்தரப் பல்லில் துருவுங்கள். மிகச் சின்னப் பல் என்றால் சாறு விட்டுவிடும். பெரிய பல் என்றால் நீள நீளமாக விழுந்து, ஒன்றோடொன்று பின்னி, வெட்டும்போது ஒரு துண்டில் கொத்தாகவும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் வரும். துருவிய குவியலின் மேல் கத்தியை இரண்டு முறை குறுக்கே ஓட்டினால் இழைகள் விரல்நக நீளத்துக்கு வந்துவிடும். பிழியாதீர்கள், கேக்குக்கு ஈரம் தருவதே அந்தச் சாறுதான். ஆனால் முன்கூட்டித் துருவி வைத்து, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதை மட்டும் வடித்துவிடுங்கள். கடையில் துருவிப் பாக்கெட்டில் விற்பது காய்ந்த நார், அதை வாங்காதீர்கள்.

ஓவனை 170 டிகிரியில் சூடாக்குங்கள். தட்டில் எண்ணெய் தடவி, அடியில் பேக்கிங் தாள் போடுங்கள். மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, மசாலாத் தூள்கள் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். அதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக் கேரட் மேல் தூவி, புட்டு மாவு பிசிறுவது மாதிரி விரல் நுனியால் பிசிறுங்கள். ஒவ்வோர் இழையும் தனித்தனியாக, லேசான மாவுப் பூச்சோடு உதிர வேண்டும். முந்திரியையும் இதிலேயே போட்டுவிடுங்கள். கேரட் கேக் முழுவதும் பரவி நிற்பது இந்த ஒரு நிமிட வேலையால்தான்.

வேறு பாத்திரத்தில் முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடியுங்கள். நிறம் வெளுத்து, நுரைத்துத் தடிக்க வேண்டும். கை பீட்டரில் மூன்று நான்கு நிமிடம். பிறகு அடித்துக்கொண்டே எண்ணெயை நூல் போல ஊற்றுங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் முட்டையோடு சேராமல் பிரிந்து நிற்கும். வெந்த பிறகு தாளெல்லாம் எண்ணெய்ப் பசை. சரியாகச் சேர்ந்தால் பளபளவென்று கஸ்டர்ட் மாதிரி இருக்கும்.

பீட்டரை ஓரமாக வையுங்கள். மாவை இரண்டு தவணையாகக் கொட்டி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்துங்கள். மேலும் கிளறினால் கேக் இறுகும். கடைசியாகக் கேரட், ஏழெட்டுப் புரட்டலில். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் வடை மாவைவிடத் தளர்வாகவும் இருந்தால் கேரட் மூழ்காமல் தாங்கும். ஊற்றுகிற பதத்தில் ஓடினால் கேரட் அதிகச் சாறு விட்டது என்று அர்த்தம், ஒரு மேசைக்கரண்டி மாவு தூவிக்கொள்ளுங்கள்.

தட்டில் ஊற்றிச் சமப்படுத்தி, நடுத்தட்டில் வைத்து 45 முதல் 55 நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். மேசை மேல் வைக்கிற சின்ன ஓவன் என்றால் மேல்புறம் சீக்கிரம் கருகும். 35 நிமிடத்துக்குப் பிறகு அலுமினியத் தாளால் தளர மூடுங்கள். சாத்தே குச்சியை நடுவில் குத்தினால் ஈரத் துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டலாம், பச்சை மாவு ஒட்டக் கூடாது. பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுதாக ஆறவிடுங்கள். சூடாக வெட்டிப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். உதிர்ந்துதான் போகும்.

மேலே தடவ: 200 கிராம் கிரீம் சீஸ், 60 கிராம் மிருதுவான வெண்ணெய், 70 கிராம் ஐசிங் சர்க்கரை, எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம். வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் அடித்து, கிரீம் சீஸைப் பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடு சேர்த்து, கட்டி போகும்வரை மட்டும் கலக்குங்கள். அதிகம் அடித்தால் இளகி ஓடும்.

முதல் நாள் செய்து மூடி வைத்து மறுநாள் வெட்டுங்கள். பட்டையும் ஜாதிக்காயும் அப்போதுதான் உள்ளே இறங்கியிருக்கும். கிரீம் தடவியதைப் பெட்டியில் வைத்து, பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்பு எடுங்கள். தடவாத கேக்கை டப்பாவில் போட்டு மேசை மேல் வைத்தால், டப்பாவை ஒரு தட்டுத் தண்ணீருக்கு நடுவில் வையுங்கள். எங்கள் ஃபிளாட்டில் ஏழாவது மாடிக்கும் எறும்பு ஏறி வருகிறது.