இமைய இறக்கி பாருங்க, அப்புறம் உக்காந்து கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம், சத்தம் கேக்குதா? அறந்தாங்கி பக்கத்து அக்காங்க எல்லாம் ஸ்கிரீன்ல தெரியுறீங்க, ஃபேன் சத்தம் கொஞ்சம் வருது, பரவால்ல. இங்க சிங்கப்பூர் யீஷூன்ல நம்ம ஆளுங்க சாப்பிட்ட கையோட உக்காந்திருக்காங்க, மணி ஒன்றரை, அங்க உங்களுக்கு பதினொண்ணு, அதனால யாரும் தூங்கக்கூடாது. நான் இங்க நர்ஸா வேலை பாக்குறேன், டிசம்பர்ல ஊர்ல நடக்கப்போற கேம்ப்புக்கு நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி நீங்க வீடு வீடா போய் ரத்தசோகை இருக்குமோன்னு சந்தேகப்படுறவங்க பேர எழுதப்போறீங்க, கேம்ப்ல விரல் குத்தி ஹீமோகுளோபின் பாக்குற மெஷின் இருக்கும், ஆனா ஸ்ட்ரிப் அளவாதான் இருக்கு, அதனால யாருக்கு முதல்ல பாக்கணும்ங்கறத உங்க லிஸ்ட் வச்சுதான் முடிவு பண்ணுவோம். இன்னைக்கு பேச்சு அது மட்டும்தான்.

கணக்கு ரெண்டு மூணு சொல்லிடுறேன், மனப்பாடம் பண்ண வேணாம். ரத்தத்துல ஆக்சிஜன தூக்கிட்டு போறது ஹீமோகுளோபின். பொம்பளைங்களுக்கு அது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 12 கிராமுக்கு கீழ, ஆம்பளைங்களுக்கு 13க்கு கீழ போனா ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கர்ப்பிணிக்கு 11, நடு மூணு மாசத்துல மட்டும் 10.5. இங்க சிங்கப்பூர்ல ரத்ததானம் குடுக்க போனா பொம்பளைங்களுக்கு 12.5 இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, இந்த ரூம்லயே அப்படி திரும்பி வந்தவங்க இருப்பீங்க, சிரிக்கிறீங்க பாருங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல, 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது நீங்க கதவ தட்டுற வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருந்தா ஒருத்தருக்கு இருக்க வாய்ப்பு இருக்கு. அது கதவ தட்டுற நீங்களாவும் இருக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம கண்ணு மெஷின் இல்ல. ஹீமோகுளோபின் 7, 8ன்னு ரொம்ப கீழ போனவங்களோட வெளுப்பு யாருக்கும் தெரியும், 10, 11ல இருக்கவங்கள பாத்தா பழகுன டாக்டருக்கே பல தடவை தெரியாது. அதனால வெளுப்பு இருந்தா எழுதிக்கங்க, இல்லன்னா 'உங்களுக்கு ஒண்ணுமில்ல'ன்னு மட்டும் வாயத்தொறந்து சொல்லிடாதீங்க. நீங்க ஒரு தடவை அப்படி சொல்லிட்டா அந்தம்மா அதுக்கப்புறம் டெஸ்ட்டுக்கே வராது, நர்சே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுச்சுன்னு ஊரு பூரா சொல்லிட்டு திரியும்.

சரி, எப்படி பாக்குறது. வாசலுக்கு கூட்டிட்டு வாங்க, பகல் வெளிச்சம் வேணும், டியூப்லைட்டுல எல்லாருமே வெளுப்பாத்தான் தெரிவாங்க. கைய கழுவிட்டு, பாக்கலாமான்னு கேட்டுட்டு, மேல பாக்க சொல்லி கட்டவிரலால கீழ் இமைய மெதுவா இறக்குங்க. இமையோட உள்பக்கத்துல முடி முளைக்கிற ஓரத்த ஒட்டி ஒரு கோடு மாதிரி இருக்கும், ரத்தம் நல்லா இருக்கவங்களுக்கு அந்த ஓரம் நல்ல சிவப்பா, அதுக்கு உள்ள இருக்கிற சதைய விட எடுப்பா தெரியும், ரத்தம் கொறஞ்சவங்களுக்கு ஓரமும் உள்ளயும் ஒரே மாதிரி வெளிறிப்போய் இருக்கும். அந்த வித்தியாசத்த பழகிக்கிட்டா போதும், தோல் நிறம் கருப்பா சிவப்பாங்கறதெல்லாம் அங்க குறுக்க வராது. கண்ணு வலி வந்தவங்களுக்கும் இப்பதான் அழுதவங்களுக்கும் அடுப்பு புகையில நின்னவங்களுக்கும் இமை சிவந்துதான் இருக்கும், அதுல ஏமாறாதீங்க. வெள்ளை முழி மஞ்சளா இருந்தா அது வேற கதை, தனியா எழுதி டாக்டர்ட்ட அனுப்புங்க.

நாக்க நீட்ட சொல்லி பாருங்க, ஆனா வெத்தல போடுற அப்பத்தாக்கிட்ட நாக்கு பாத்து என்ன பிரயோஜனம், அவங்களுக்கு எப்பவும் சிவப்புதான். உள்ளங்கைய தளர்வா விரிக்க சொல்லுங்க, விரல பின்னாடி வளைச்சு இழுத்தா யாருக்கும் வெளுத்துடும். சின்ன பிள்ளைங்களுக்கு இமைய இழுத்தா கத்தும், அதனால அவங்களுக்கு உள்ளங்கைதான் வசதி. கையில மருதாணி இருந்தா கைய விட்டுட்டு இமைக்கு போங்க, கல்யாண சீசன்ல பாதி பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

நகத்துக்கு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப புடிச்ச டாபிக். இரும்புச்சத்து ரொம்ப நாளா கொறஞ்சா நகம் மெலிஞ்சு, ஓரம் பிஞ்சு பிஞ்சு உடையும், அப்புறம் மேல் பக்கம் குவிஞ்சு இருக்க வேண்டிய நகம் தட்டையாகி கடைசியில கரண்டி மாதிரி குழிஞ்சிடும். விரல பக்கவாட்டுல வச்சு பாருங்க, சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு தண்ணி விடுங்க, வழியாம அங்கேயே நின்னா குழி இருக்குன்னு அர்த்தம். ஆனா இது நெறைய பேருக்கு வராது, வந்தா மாசக்கணக்கா கொறஞ்சிருக்குன்னு அர்த்தம், அதனால நகம் நல்லா இருக்குங்கறத வச்சு யாரையும் லிஸ்ட்லேர்ந்து எடுக்காதீங்க. வயசானவங்க நகத்துல நீளவாக்குல வரி வரியா இருக்கறது வயசுனால, கைக்குழந்தைக்கு கால் கட்டவிரல் நகம் குழிஞ்சிருந்தா பெரும்பாலும் அது வளர வளர சரியாயிடும், தண்ணியிலயே கைய வச்சு பாத்திரம் கழுவுறவங்க நகமும் உடையத்தான் செய்யும். நகத்துல வெள்ளை புள்ளி வந்தா கால்சியம் கொறைச்சல், ரத்தம் கொறைச்சல்னு சொல்றதெல்லாம் விட்டுடுங்க, பெரும்பாலும் எங்கயாவது இடிச்சிருப்பாங்க.

இப்ப கேள்வி, என்னைய கேட்டா இதுதான் பாதிக்கு மேல வேலை. 'டயர்டா இருக்கா'ன்னு கேக்காதீங்க. நம்ம பொம்பளைங்க ரெண்டே பதில்தான் சொல்லுவாங்க, ஒண்ணு 'அதெல்லாம் இல்லம்மா, வேலை செஞ்சா அலுப்பு இருக்காதா', இல்லன்னா 'ஆமா எப்பவுமே அசதிதான்', ரெண்டுலயும் நமக்கு ஒண்ணும் கெடைக்காது. முன்ன முடிஞ்சது இப்ப முடியலயான்னு கேளுங்க. போன பொங்கலுக்கு ஒரே மூச்சுல தண்ணி கொடம் தூக்கிட்டு வந்தீங்களே, இப்ப நடுவுல எறக்கி வைக்கிறீங்களாக்கா? நூறுநாள் வேலைக்கு போனா மத்தவங்களுக்கு முன்னாடி நீங்க உக்காந்துடுறீங்களா? மாடிப்படி ஏறுனா நெஞ்சு படபடங்குதா, மூச்சு வாங்குதா? உக்காந்து எந்திரிச்சா கண்ணு இருட்டுதா? பிள்ளைங்கன்னா அம்மாகிட்ட கேளுங்க, ஓடி விளையாடுதா இல்ல ஓரமா உக்காந்து வேடிக்க பாக்குதா, ஸ்கூல்ல தூங்கி வழியுதுன்னு டீச்சர் சொன்னாங்களான்னு.

அடுத்தது ஒரு கேள்வி, அத நேரா கேட்டா சொல்ல மாட்டாங்க. பச்சரிசி, சாம்பல், விபூதி, செங்கல், சாக்பீஸ், சிலேட்டு குச்சி, இதையெல்லாம் திங்கணும்னு தோணுறது இரும்புச்சத்து கொறைஞ்சவங்களுக்கு நெறைய வரும். 'மண்ணு திங்கிறியா'ன்னு கேட்டா எந்த பொண்ணு ஒத்துக்கும்? 'நெறைய பேருக்கு அரிசிய வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்கணும்னு தோணும், உனக்கும் அப்படி ஏதாவது இருக்காம்மா'ன்னு கேட்டு பாருங்க, அரிசி டப்பா பக்கம் பாத்து சிரிக்கும். இங்க சிங்கப்பூர்ல அதே பழக்கம் ஐஸா மாறிடும், கோப்பி கடையில தே ஐஸ் வாங்கி, தேய குடிச்சு முடிச்சுட்டு அந்த ஐஸ கடக்கு முடக்குன்னு கடிச்சுக்கிட்டே இருப்பாங்க. உங்க வீட்டுல யாராவது இருந்தா அவங்களையும் பாலிகிளினிக் போய் ரத்தம் பாக்க சொல்லுங்க.

மாசவிடாய் பத்தி பொம்பளைங்கதான் கேக்கணும், தம்பிங்க அந்த நேரம் வெளில நில்லுங்க. எத்தன நாள் போகுது, ஏழு நாளைக்கு மேல இழுக்குதா, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணியோ பேடோ மாத்த வேண்டியிருக்கா, கட்டி கட்டியா போகுதா. 'அதிகமா போகுதா'ன்னு பொதுவா கேட்டா அவங்கவங்க பழக்கத்துக்கு அது சாதாரணம்னுதான் சொல்லுவாங்க, அதனால எண்ணிக்கையா கேளுங்க. மாமியார் பக்கத்துல இருந்தா கேக்காதீங்க, ஒரு சொம்பு தண்ணி கேட்டுட்டு அடுப்படி பக்கம் போயிடுங்க. கர்ப்பமா இருக்காங்களா, கைக்குழந்தை இருக்கா, அடுத்தடுத்து பிரசவமா, இதையும் எழுதிக்கங்க. கர்ப்பிணி யாரா இருந்தாலும் வெளுப்பு இருக்கோ இல்லையோ அவங்க பேரு லிஸ்ட்ல வரணும், இதுல பேச்சே இல்ல.

ஆம்பளைங்களயும் வயசானவங்களயும் விட்டுடாதீங்க. மாசவிடாய் இல்லாதவங்களுக்கு ரத்தம் கொறஞ்சா எங்கேயோ கசியுதுன்னு சந்தேகப்படணும், வயித்துப்புண்ணு, மூலம், சில நேரம் குடல்ல கட்டி கூட இருக்கலாம். மலம் தார் மாதிரி கருப்பா போகுதா, ரத்தம் படுதா, மூட்டு வலிக்கு கடையில மாத்திரை வாங்கி தெனம் போடுறாங்களான்னு கேளுங்க. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், அதனால அதையும் கேட்டுக்கங்க. செருப்பில்லாம வயல்ல நடக்குறவங்களுக்கு கொக்கிப்புழு வரலாம், குடல்ல இருந்து ரத்தத்த உறிஞ்சும், கடைசியா எப்ப பூச்சி மாத்திரை போட்டாங்கன்னு கேளுங்க.

சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, மயங்கி விழுந்தாங்க, கால் வீங்கி ஆளும் வெளுத்திருக்கு, ரத்தப்போக்கு நிக்கல, இல்ல கர்ப்பிணி உள்ளங்கையெல்லாம் காகிதமா வெளுத்திருக்கு, குழந்தை வெளுத்து பால் குடிக்காம வேகமா மூச்சு விடுது, இதுல எது இருந்தாலும் கேம்ப் வரைக்கும் காத்திருக்க வேணாம், லிஸ்ட் எழுதிக்கிட்டு நிக்கவும் வேணாம், 108க்கு போன் பண்ணுங்க, அப்புறம் கிராம சுகாதார செவிலியர்ட்ட சொல்லுங்க.

இங்கேர்ந்து வர்றவங்களுக்கு ஒண்ணு, முஸ்தபால இரும்பு மாத்திரை டப்பா டப்பாவா வாங்கிட்டு வந்து குடுக்க நெனைக்காதீங்க லா. எல்லா சோகையும் இரும்பு கொறையறதுனால வர்றதில்ல, பி12 கொறைஞ்சாலும் வரும், பரம்பரையா வர்ற தலசீமியாவும் இருக்கலாம், அதுல சும்மா இரும்ப ஏத்தினா ஒடம்புல தேங்கும். வீட்டுல சின்ன பிள்ளைங்க மிட்டாய்னு நெனச்சு கை நெறைய அள்ளி தின்னா உயிருக்கே ஆபத்து. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே இலவசமா குடுக்குறாங்க, நம்ம வேலை ஆள அங்க கொண்டு போய் சேக்குறது. ஏற்கனவே மாத்திரை வாங்கி அலமாரியில வச்சிருக்கவங்கள திட்டாதீங்க, கொமட்டுது, மலம் இறுகுதுன்னு நிறுத்தியிருப்பாங்க, அத எழுதிக்கங்க, நர்சு நேரத்த மாத்தி குடுப்பாங்க. டீயோட மட்டும் மாத்திரை போட வேணாம்னு சொல்லலாம், டீ இரும்ப ஒடம்புல சேரவிடாது. பீட்ரூட் சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு யாராவது சொன்னா சண்டை போட வேணாம், சாப்பிடட்டும், ஆனா டெஸ்டுக்கு வரட்டும். முருங்கக்கீரையும் ஆட்டு சுவரொட்டியும் நல்லதுதான், ஏற்கனவே 8ல நிக்கிறவங்களுக்கு அது மட்டும் பத்தாது.

அப்புறம் யாருக்கு என்ன இருக்குன்னு பக்கத்து வீட்டுல பேசக்கூடாது. கல்யாணத்துக்கு பாத்துக்கிட்டிருக்கிற பொண்ணுன்னா சொல்லவே வேணாம்.

சரி, பேசுனது போதும், எல்லாரும் போய் கைய கழுவிட்டு வந்து ஜன்னல் பக்கம் ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க, அறந்தாங்கி அக்காங்க வராண்டாவுக்கு வாங்க, ஒருத்தர் இமைய இன்னொருத்தர் பாருங்க. நீல சட்டை தம்பி, மேல பாக்க சொல்லிட்டு இறக்குப்பா, கண்ண குத்திடாத.