தலைத்தண்ணீர், அத்தியாயம் 3: ஒலிப்பதிவுப் பிரதி

அக்கா, நாளைக் காலைப் பதிவுக்கான பிரதி இது. குறிகள் போன அத்தியாயத்தில் வைத்தவையே. / என்றால் அரை விநாடி, // ஒரு விநாடி, /// மூன்று விநாடி. அழுத்தம் வேண்டிய சொல்லை அடைப்புக்குறிக்குள் சொல்லியிருக்கிறேன். ~ உள்ள இடத்தில் மூச்சு வாங்காமல் சேர்த்துப் படியுங்கள். காற்புள்ளிகளைப் பொருட்படுத்த வேண்டாம், அவை கண்ணுக்காக அச்சில் வைத்தவை.

ஒன்று மட்டும் புதிது. தமிழில் 'என்றார் தாத்தா' பேச்சு முடிந்த பிறகுதான் வருகிறது. அதுவரை பேசுவது யாரென்று கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே முதல் எழுத்திலேயே குரல் மாறியிருக்க வேண்டும். அந்தத் துணிச்சலில்தான், எழுத்தாளரின் சம்மதத்தோடு, ஏழு 'என்றார்'களை அடித்துவிட்டேன். ஒன்றை மட்டும் தாளத்துக்காக விட்டிருக்கிறேன்.

தாத்தாவுக்குத் தொண்டையைக் கரகரப்பாக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் வலிக்கும், கேட்க வேஷமாகவும் இருக்கும். உங்கள் சுருதியிலேயே வேகத்தைக் குறையுங்கள், வாக்கியக் கடைசியில் காற்று தீர்ந்துபோகட்டும். செல்வி எப்போதும் கைவேலைக்கு நடுவே பேசுபவள். வேகமாக, முகத்தை மைக்கிலிருந்து சற்றுத் திருப்பி. முத்துவுக்கு எட்டு வயது. கீச்சுக்குரல் கூடாது, வாக்கிய முடிவு மேலே ஏறினால் போதும். வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் போனில் மட்டும் வருகிறார். வாய்க்கால் கரைக் காற்றில் இரைந்து பேசுங்கள், போன் ஓசையைத் தொகுப்பில் நான் சேர்க்கிறேன்.

ழகரம் கதைசொல்லிக்கு முழுசாக ஒலிக்க வேண்டும். தாத்தா 'கிளக்கால' என்றுதான் சொல்வார். அப்படியே எழுதியிருக்கிறேன், திருத்திவிடாதீர்கள்.

[அறை ஓசை, ஒரு விநாடி]

கதைசொல்லி: மேட்டூரில் தண்ணீர் திறந்து ~ இருபத்திமூன்று நாள் ஆகிவிட்டது. // கல்லணைக்கு வந்தது. / வெண்ணாற்றில் இறங்கியது. / கிளைகளில் பிரிந்தது. // இங்கே மட்டும் வரவில்லை. ///

['இங்கே'யை உரக்கச் சொல்ல வேண்டாம், சற்று நீட்டுங்கள்]

தாத்தா திண்ணையில் ~ விதைமூட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். //

செல்வி: மாமா, ~ கஞ்சி ஆறிப்போவுது. / காலையிலேருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க.

[அழுத்தம் 'அதை'யில். ஏகாரத்தை நீட்டினால் அதட்டலாகிவிடும். அவள் அதட்டவில்லை, பயப்படுகிறாள்]

தாத்தா: வெதைய பாக்கலம்மா. // எறும்பு ~ முட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறுது. / அதப் பாக்குறேன்.

கதைசொல்லி: என்றார் தாத்தா. // போன் அடித்தது. /

லஸ்கர்: ஐயா! ~ நம்ம ரெகுலேட்டர் தாண்டிருச்சு! / ஆனா அவசரப்படாதீங்க. / மணலு குடிக்குது ஐயா. / அடியடியாத்தான் நவுருது.

கதைசொல்லி: தாத்தா போனை வைக்கவில்லை. / பேசவும் இல்லை. ///

[இந்த மூன்று விநாடியைத் தயவுசெய்து முழுசாக விடுங்கள். போன பதிவில் இப்படிப்பட்ட இடங்களை நாம் அவசரமாகக் கடந்துவிட்டோம், தவறு என்மேலும் உண்டு]

முத்து: தாத்தா, / தண்ணிக்கு நம்ம ஊரு வழி தெரியுமா?

தாத்தா: தெரியும் தம்பி. // போன வருசம் வந்த வழிதானே. / கிளக்கால திரும்பி, ~ புளியமரத்துகிட்ட கொஞ்சம் நிக்கும். / அப்பறம் வரும்.

[சிரிப்பு வேண்டாம். பக்கத்து ஊர்க்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லுங்கள்]

கதைசொல்லி: மறுநாள் விடியுமுன் ~ மூன்று பேரும் கரையில் நின்றார்கள். // முதலில் வந்தது தண்ணீர் இல்லை. / நுரை. / சருகு. / ஒற்றைச் செருப்பு. // அதற்குப் பின்னால் ~ வெடித்த மண்ணின் பிளவுகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, / கலங்கலாக, / ஒரு சாண் அகலத்துக்கு. ///

['நுரை, சருகு, செருப்பு' மூன்றும் ஒரே எடை. 'சாண்' வரும்போது குரல் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பு]

தாத்தா: வந்துட்டுது. // வந்துட்டுது செல்வி. /// வந்துட்டியா.

[முதலாவது தனக்குத்தானே, நம்பாமல், மூச்சோடு. இரண்டாவது பக்கத்தில் நிற்கும் செல்விக்கு; இங்கே மட்டும் குரல் உடையலாம். மூன்றாவது தண்ணீரிடம். தாமதமாக வீடு திரும்பிய மகளை வாசலில் கேட்பதுபோல, கோபமில்லாமல். மூன்றையும் தொடர்ச்சியாக ஒரே எடுப்பில் பேசுங்கள், வெட்டி ஒட்டினால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். பிசகினால் ஒருமுறை கைதட்டிவிட்டு 'முதலில் வந்தது' என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள்]

[அறை ஓசை, நான்கு விநாடி. இசை சேர்க்கப்போவதில்லை, அதனால் அசையாமல் இருங்கள்]