லியோன் குழுவுடன் தினக் கூட்டம்: கும்பகோணம் அலுவலகத்துக்கான பிரெஞ்சுக் கையேடு

கூட்டம் லியோனில் காலை 10 மணிக்கு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு அது பிற்பகல் 1.30, மற்ற மாதங்களில் 2.30.

உச்சரிப்பு முதலில். கீழே 'ஆன்', 'ஓன்' என்று முடியும் இடங்களில் நாக்கு மேலே தொடக்கூடாது. 'வந்தான்' என்பதைப் பேச்சில் மூக்கால் முடிக்கிறோமே, அதே ஒலிதான். காரைக்காலில் பிரெஞ்சு பேசும் பெரியவர்கள் உங்கள் சொந்தத்தில் இருந்தால், அவர்களிடம் ஒருமுறை சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில்
போன்ஜூர் ஆ தூஸ்: எல்லோருக்கும் வணக்கம்.
வூ மாந்தாந்தே?: நான் பேசுவது கேட்கிறதா?
தோன் மிக்ரோ எ கூப்பே: உன் மைக் அணைந்திருக்கிறது.
ஜ பர்தாஜ் மோன் எக்ரான்: ஸ்கிரீன் ஷேர் செய்கிறேன்.
ஜ ஸ்வி ப்லொகே: வேலை தடைபட்டு நிற்கிறேன்.
வூ பூவே ரெபேத்தே, சில் வூ ப்ளே?: திரும்பச் சொல்ல முடியுமா? தயங்காமல் கேளுங்கள்.

தெரியாத சொல்லைவிட, ஆங்கிலம்போல் ஒலிக்கும் சொல்தான் ஆபத்து. 'எவாந்த்யுவெல்மான்' என்றால் 'தேவைப்பட்டால், ஒருவேளை'. 'கடைசியில் நடக்கும்' என்று குறித்துக்கொண்டால், யாரும் உறுதி சொல்லாத வேலை ஸ்பிரின்ட்டில் ஏறிவிடும். 'அக்த்யுவெல்மான்' என்றால் 'இப்போதைக்கு'. 'த்மாந்தே' வெறும் கேட்பது, அதட்டுவது அல்ல. 'பா மால்' பாராட்டு. நன்றாகவே இருக்கிறது என்று பொருள்.

'ஸா மார்ஷ்' தனிக் கவனம் வேண்டியது. 'சரி, ஆகட்டும்' என்றும் வரும், 'வேலை செய்கிறது' என்றும் வரும். உங்கள் திருத்தத்தைப் பற்றிச் சொன்னால் உடனே கேளுங்கள்: வூ லவே தெஸ்தே? சோதித்துப் பார்த்தீர்களா?

'ஓன்' என்றால் 'நாம்', 'நாங்கள்' இரண்டும்தான். தமிழில் உள்ள பிரிவு அங்கே இல்லை. 'ஓன் வா ல ஃபேர்', அதாவது 'செய்துவிடலாம்', என்று முடிந்தால் வேலை யார் தலையில் என்று தெரியாது. கி ஸான் ஷார்ஜ்?: யார் பொறுப்பு? பதிலில் பெயர் வராமல் அடுத்த டிக்கெட்டுக்குப் போகாதீர்கள்.

டிக்கெட் எண்களை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 2478 என்பது 'வான்த்-கத்ர், ஸ்வாசாந்த்-தீஸ்வித்': 24, பிறகு 60-உம் 18-உம் சேர்ந்து 78. 'கத்ர்-வான்' என்றால் 80, அதாவது நான்கு இருபது. 'வான்த்-கத்ர்' என்றால் 24. காதை நம்பாமல் எண்ணைச் சாட்டில் தட்டச்சு செய்து காட்டுங்கள்.

திரையில் `1,5 s` என்றால் ஒன்றரை நொடி. அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. `Mo` மெகாபைட், `Go` ஜிகாபைட். `MEP` புரொடக்‌ஷனில் ஏற்றுவது. 'ரசெத்' என்றால் சமையல் குறிப்பும் உண்டு. கூட்டத்தில் அது பயனர் ஏற்புச் சோதனை. 'பூஷோன்' என்றால் தக்கை, நிரலில் மாக். 'ரதூர் அரியேர்' ரோல்பேக்.

முடியும்போது 'ஆ தமான்', நாளை பார்ப்போம். வெள்ளிக்கிழமை மட்டும் 'ஆ லாந்தி', திங்களன்று.