துண்டுக்கு அடியில் பேசின விலை

காங்கேயம்,
15.12.2024

அன்புள்ள மாப்ளே கார்த்திக்கு,

பிரபு எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதை நான் தப்பாக நினைக்கவில்லை. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் இந்த விஷயம் இன்னொருவர் வாய் வழியாக உன்னிடம் வரக்கூடாது. அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கண்ணபுரம் தேர்ச் சந்தையில் நம் மயிலைக் காளை 1,12,000 ரூபாய்க்கு விலை போனது. உன்னிடம் 95,000 என்றேன். தரகுக்கு 2,000 கொடுத்தேன் என்றேன், கொடுத்தது 1,000. உனக்கு 17,000 மட்டும்தான் தெரியும். நான் எடுத்தது 18,000. அந்த ஆயிரத்தை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை.

ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கவே இல்லை. பைக் டியூ மூன்று மாதம் நின்றுபோயிருந்தது. ஃபைனான்ஸ்காரன் தேங்காய்க் களத்துக்கே வந்து, முதலாளி முன்னால் வண்டியைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று ஒரே பயம். இதைக் காரணம் என்று சொல்லவில்லை. பணமொடை யாருக்குத்தான் இல்லை? அதே வாரம் நீ கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், மாமா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாய். உன் மொடைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். தரகர் என் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடினார். தாராபுரம் பக்கத்துப் பெரியவர் மாட்டின் வாயைத் திறந்து ஆறு பல்லையும் பார்த்தார், திமிலைத் தடவினார், சுற்றி வந்து வாலைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தரகர் அவருக்கும் எனக்கும் நடுவில் மாறி மாறித் துண்டுக்குள் விரலைப் பிடித்தார். கடைசியாக என் விரல்களை அழுத்திப் பிடித்து, சரிதானா என்று கண்ணாலேயே கேட்டார். தலையாட்டினேன். பக்கத்தில் ஐம்பது பேர் நின்றார்கள், ஒருவருக்கும் விலை தெரியாது. அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. யாருக்கும் தெரியாதே என்ற ஒன்று தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தேர்க்கடைகளைத் தாண்டி நடக்கும்போதே 95,000 என்று சொல்வதாக முடிவு செய்துவிட்டேன். அவ்வளவு நேரம்தான் ஆனது.

அந்தக் கன்றை வாங்கின நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காகக் கோயமுத்தூர் வ.உ.சி. மைதானத்தில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தபோதே, நம்ம ஊர் மாடு ஒன்றாவது நம் கட்டுத்தரையில் நிற்கவேண்டும் என்று சொன்னாய். மூன்று வருஷம் சேர்த்துவைத்து, பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிடித்தாய். அப்போது அது செவலைக் கன்று. வண்டி வாடகைக்கு 500 குறைந்தது, நான் கொடுத்தேன். அந்த 500-ஐச் சொல்லி, இது நம்ம ரெண்டு பேர் மாடு என்று ஊரெல்லாம் சொன்னாய். நிறம் மாறி மயிலை ஏறினபோது போட்டோ எடுத்து எனக்குத்தான் முதலில் அனுப்பினாய். அப்படிப்பட்ட மாட்டை விற்க வேண்டி வந்தபோது, உன்னால் சந்தைக்கு வர முடியவில்லை. "நீ போனா நான் போன மாதிரிதான்டா" என்று போனில் சொன்னாய். நீ அழுதுகொண்டுதான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது. ஆபரேஷனுக்குப் பணம் பற்றாமல் அத்தை தோட்டை அடகு வைத்தார்களே, அன்றைக்கு அவர்களைக் கடைக்குக் கூட்டிப்போனவன் நான். அதே பைக்கில். நீதான் போன் செய்து, அம்மா பஸ்ஸுக்கு நிற்கவேண்டாம், கொஞ்சம் கூட்டிப்போ என்றாய். கடைப்படியில் உட்கார்ந்து அத்தை தோட்டைக் கழற்றினார்கள். திருகு இறுகிப்போய் வரவே இல்லை. "சாமி, கொஞ்சம் பிடிப்பா" என்றார்கள். இடது காதுத் திருகை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். வேப்பங்குச்சியை ஒடித்துக் காதில் சொருகிக்கொண்டு, 20,000 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அப்போதுகூட உன் பணத்தில் 6,000 என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்தேன்.

அப்புறம் ஆவணியில் வெள்ளகோவில் கல்யாணம். கைகழுவுகிற இடத்தில் அந்தப் பெரியவர் உன்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "ஒண்ணு பன்னண்டுக்குப் புடிச்சேனுங்க, மாட்டுல ஒரு கொறை சொல்ல முடியாதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். நீ என்னைக் கூப்பிட்டாய். என் முகத்தைப் பார்த்தால் உனக்கு அப்போதே தெரிந்திருக்கும், ஆனால் நீ பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "தொண்ணூத்தஞ்சுதானுங்க, பெரியவருக்கு நெனப்புப் பிசகிப்போச்சு" என்றேன். உடனே நீ அவரிடம், "எம்மாப்ள சொன்னாச் சொன்னதுதானுங்க. பெரிய மனுசரு கண்ணாலத்துல வந்து இப்படிப் பேசலாமுங்களா?" என்று கேட்டாய். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தியிலிருந்து போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்துத் தரகரிடம் கேட்டுவிட்டுக் களத்துக்கு வந்தாய். நீ சத்தம் போடுவாய், அடிப்பாய் என்று நினைத்தேன். காய்கிற பருப்புக்கு நடுவில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய்: "அந்த மனுசங்கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போறது?" அதற்கு நான், "பணத்தத் திருப்பித் தந்தர்றேன்டா" என்றேன். நீ திரும்பிப் பார்க்காமல் போனாய்.

நீ கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. அது விளங்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. பணத்தை எப்படிப் புரட்டுவது என்றுதான் வெசனப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை நம்பி, வயசுக்கு மூத்த ஒருவரை, தப்பே செய்யாதவரை, நாலு பேர் நடுவில் பொய்யர் என்று சொல்லிவிட்டாய். மாமாவும் நீயும் யாரையும் அப்படிப் பேசினதில்லை. உன் வாயால் அதைப் பேச வைத்தவன் நான்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பக்கம் போனேன். பஸ்ஸில் போய், இறங்கி, இட்டேரி வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். பெரியவர் படலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். 1,12,000 சரி, அவர் நினைப்பில் ஒரு பிசகும் இல்லை, பொய் சொன்னவன் நான், கார்த்திக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். காலில் விழப்போனேன், விடவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பையன் உன்னைய நம்பித்தான பேசுனான், அவன் மேல எனக்கு வருத்தமில்ல" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த அவருடைய மச்சானுக்கும் என் முன்னாலேயே போன் போட்டுக் கொடுத்தார். அவரிடமும் சொன்னேன். நம் ஊரில் யாரிடம் சொல்லவேண்டும் என்று நீ நினைக்கிறாயோ, அவர்களிடமும் சொல்கிறேன். என் அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது.

பணம் 21,200 இன்று காலை அத்தை கணக்கில் போட்டேன். 18,000 நான் எடுத்தது. 3,200 அடகுக்கு இரண்டு வட்டி, எட்டு மாதத்துக்கு. பைக்கை விற்றதில் ஃபைனான்ஸ் பாக்கி போக 14,000 நின்றது, மீதி 7,200 களத்தில் அட்வான்ஸ். அத்தைக்கு நீ எதுவும் சொல்லியிருக்க மாட்டாய் என்று தெரியும். சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நான் வந்து சொல்லவேண்டும் என்றால் வந்து அவர்கள் முன்னால் நின்று சொல்கிறேன். தோடு அவர்கள் காதில் ஏறினால் போதும்.

மாப்ளே, என்னை மன்னித்துவிடு. பழையபடி பேசு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அது இப்போது கேட்கிற விஷயமும் இல்லை. நீ எனக்குப் பதில் எழுதவேண்டியதில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. ஆனால் நான் உனக்குச் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும் என்பதாவது உனக்குத் தெரியவேண்டும்.

இன்னொன்று. மாட்டைப் பார்த்தேன். மழை பெய்து கொரங்காடு முழுக்கக் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. வெள்வேல மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்தும் திமிலும் நன்றாகக் கறுத்துவிட்டன. இடது கொம்படியில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. நீ கூப்பிடுகிற மாதிரி நாக்கைத் தட்டிப் பார்த்தேன். காதை மட்டும் திருப்பியது, எழுந்து வரவில்லை. நீ கூப்பிட்டால் வரும் என்று நினைக்கிறேன். பட்டிப் பொங்கலுக்கு உன்னை வரச்சொல்லிப் பெரியவர் சொன்னார். பழைய கயிறு உன் கட்டுத்தரையில் தொங்குகிறதே, அதை எடுத்துவந்தால் அன்றைக்கு ஒருநாள் கட்டிக்கொள்ளலாம் என்றார். அவர் நம்பரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன், நீ தைரியமாகப் போய்வா.

மாமாவுக்கு மாத்திரை வாங்க, காட்டு வேலைக்கு, எதற்காவது ஆள் வேண்டுமானால் களத்துக்கு யாரிடமாவது சொல்லி அனுப்பு. மாலை ஆறு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரபு