ஐந்நூற்று நாற்பது

கூப்பன் சுதாவுடையது. இந்தக் கதையில் எனக்கு ரொம்ப நாள் கழித்து உறைத்தது அதுதான், ஆனால் முதலில் நடந்ததும் அதுதான்.

2025 பிப்ரவரி. கோயம்புத்தூரில் எங்கள் விடுதியில் பதினான்காம் எண் அறை, நான்கு கட்டில். அன்று இரவு பெனாசிர் 320 ரூபாய்க்கு ஒரு குர்த்தி பார்த்து வைத்திருந்தாள். கயலுக்கு 180 ரூபாயில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சுதாவுக்கு 100 ரூபாயில் ஒரு பாதவெடிப்பு கிரீம். ஆர்டர் 500 ரூபாயைத் தொடாவிட்டால் டெலிவரிக்கு 40 ரூபாய் தனி. நூறு ரூபாய் கிரீமுக்கு நாற்பது ரூபாய் கூலியா என்று சுதா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். விளையாட்டு விழாவுக்கு நான் பார்த்திருந்த ஷூ 600 ரூபாய்.

"எல்லாத்தையும் ஒண்ணா போட்டா 1200. டெலிவரி ஃப்ரீ" என்றேன்.

"புதுசா சேர்றவங்களுக்கு ஆயிரத்துக்கு மேல பத்து பர்சென்ட் தள்ளுபடி இருக்குடி" என்றாள் கயல். எங்கள் மூன்று பேர் நம்பரும் எப்போதோ சேர்ந்தது. சுதாவின் நம்பர்தான் புதுசு. அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். அதுவரை ஆன்லைனில் எதுவும் வாங்கியதே இல்லை. நாங்களே அவள் போனில் கணக்கு திறந்து, முகவரி அடித்து, கூப்பனையும் போட்டோம். 120 ரூபாய் குறைந்து 1080 என்று வந்தபோது நாலு பேரும் கத்தியதில் வார்டன் மேடம் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

120-ஐ நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 30. அந்தக் கணக்கைப் போட்டது நான்தான். நான் 570, பெனாசிர் 290, கயல் 150, சுதா 70. நாங்கள் மூவரும் சுதாவுக்கு அனுப்பினோம், அவள் மொத்தமாகக் கட்டினாள். அவள் போனில் இருந்த வங்கிக் கணக்கு அவள் அம்மாவுடையது. அம்மாவிடம் சாதாரண போன்தான், வங்கியில் கொடுத்திருந்த நம்பர் மகளுடையது. இதை அவள் அப்போதே சொன்னாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. வாட்ச்மேன் அண்ணன் திண்ணையில் வைத்திருந்த மூட்டைகளுக்கு நடுவே எங்களுடையதுதான் பெரிசு. ஷூ எனக்குக் கடித்தது. ஆறாம் நம்பர் என்று போட்டிருந்தாலும் குதிகால் உள்ளேயே போகவில்லை. பெரிய நம்பர் கையிருப்பில் இல்லை என்றதால் திருப்பி அனுப்பினேன். எடுக்க வந்த தம்பி அட்டைப்பெட்டியைத் திறந்து, டேக் இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனான். பணம் மூன்று முதல் ஐந்து வேலைநாளில், கட்டிய கணக்கிற்கே வரும் என்று சுதாவின் போனுக்குச் செய்தி வந்தது.

தொகை 540.

"570 கட்டினேனே, 30 எங்க?" என்றேன்.

அதில்தான் சண்டை ஆரம்பித்தது. தள்ளுபடியை நாங்கள் சமமாகப் பிரித்திருந்தோம், அவர்கள் விலைக்குத் தகுந்தபடி பிரித்திருந்தார்கள். 600 ரூபாய் ஷூவுக்கு 60 தள்ளுபடி, ஆக 540-தான் அதன் விலை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அவர்கள் கணக்குப்படி சுதா 90 கட்டியிருக்க வேண்டும், 70 கட்டியிருந்தாள். கயல் 162, கட்டியது 150. பெனாசிர் 288, கட்டியது 290.

"அப்போ எனக்குத்தான் ரெண்டு ரூபா வரணும்" என்றாள் பெனாசிர்.

"சுதா இருபது, கயல் பன்னெண்டு. அதுல உனக்கு ரெண்டு போக எனக்கு முப்பது" என்றேன்.

"நாலா பிரிக்கச் சொன்னது யாரு? நீதானே? இப்ப வந்து பன்னெண்டு ரூபா கேக்கற" என்றாள் கயல்.

"என் ஷூ இல்லைன்னா உங்க மூணு பேருக்கும் டெலிவரி ஃப்ரீயாவா வந்திருக்கும்? ஷூ தனியா வாங்கியிருந்தாலும் எனக்கு ஃப்ரீதான்."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் சத்தமாகச் சொன்னேன். சுதா மட்டும் எதுவும் பேசவில்லை. கிரீம் டப்பாவை ஒரு துணிப்பைக்குள் வைத்து, டிரங்குப் பெட்டிக்கு அடியில் நுழைத்தாள்.

அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. புதன்கிழமை மதியம் கேட்டேன், வரவில்லை என்றாள். வியாழன், வரவில்லை. வெள்ளி, "இன்னும் இல்ல" என்றாள். அந்த "இன்னும்" கொஞ்சம் தாமதமாக வந்தது. சனிக்கிழமை கஸ்டமர் கேருக்குப் பேசலாம், போனைக் கொடு என்றேன். சார்ஜ் இல்லை என்றாள். போன் சுவரில் சொருகியபடி, பச்சை விளக்கோடு இருந்தது.

நான் எடுத்துவிட்டேன். கேட்காமல், கட்டிலைத் தாண்டிப் போய் எடுத்தேன். அவள் பூட்டு எண் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆர்டர் பக்கத்தைத் திறந்தால், புதன்கிழமை காலை 11.10-க்கே பணம் வரவு வைக்கப்பட்டுவிட்டதாக இருந்தது.

"புதன்கிழமையே வந்திருக்கு. நாலு நாளா பொய் சொல்லிட்டு இருக்க."

"தர்றேன்" என்றாள்.

"எங்க போச்சு?"

"தர்றேன்னு சொல்றேன்ல."

"ஐந்நூறு ரூபாய்க்கு இப்படி ஒரு புத்தியா சுதா?"

சொல்லி முடித்ததும் பெனாசிர் என் கையைப் பிடித்து அழுத்தினாள். சுதா என்னிடமிருந்து போனை வாங்கவில்லை. பக்கெட்டையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வராண்டாவில் நடந்து போய்விட்டாள். இரவு ஒன்பது மணிக்கு யாரும் குளிக்கப் போவதில்லை.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் என் கையிலேயே அந்தப் போன் அடித்தது. திரையில் 'அம்மா'. இரண்டு முறை அடித்து நின்றது, மூன்றாம் முறையும் அடித்தது. ஏதாவது அவசரமாக இருக்குமோ என்று எடுத்தேன்.

"சுதா குளிக்கப் போயிருக்காம்மா. நான் ரூம்மேட் பேசறேன்."

"அப்படியா கண்ணு. சாப்ட்டியா? ஒண்ணுமில்ல சாமி, புதன்கிழமை சொன்னனே அந்தக் காசு, அதப் பத்தித்தான்."

"என்ன காசும்மா?"

"நூறு நாள் வேலைக் காசு. எத்தனை மாசமா வரவேயில்ல. இங்க எல்லாரும் அப்படித்தான் கிடக்கறோம். வாரா வாரம் புதன்கிழமை கைரேகை வெச்சுக் காசு எடுத்துத் தர்ற புள்ள வரும். நானும் போயிப் போயிப் பாத்துட்டு வருவேன். போன புதன்தான் 554 இருக்குதுன்னு சொல்லுச்சு. எனக்கு ரேகை தேஞ்சு போச்சு கண்ணு, மூணு தரம் வெச்சும் எடுக்கல. எண்ணெய் தடவித் தொடச்சு, இந்தக் கை வெரல வெச்சு, அப்பறந்தான் விழுந்துச்சு. ஐந்நூறு எடுத்தேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஒரு நாளைக்கு 319-ன்னு சொல்றாங்க. பாத்தா ரெண்டு நாள் கூலிகூட இல்ல. மிச்சம் எப்ப வரும்னு அவளுக்குப் போன்ல எதாச்சும் மெசேஜ் வந்துச்சான்னு கேக்கத்தான் கூப்ட்டேன். கடைப் பாக்கி முந்நூறு குடுத்துட்டேன். கெழவிக்கு மாத்திரை வாங்கினேன். அந்த 54 இருக்குதாமே, அதை அவளையே செலவுக்கு வெச்சுக்கச் சொல்லு. அன்னிக்கு நான் சந்தோசமா சொல்றேன், அவ பேசவே இல்ல. பரிட்சை பயமா?"

"ஆமாம்மா. பரிட்சைதான்" என்றேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரைக்கும் நாங்கள் நாலு பேரும் வேதியியல் லேபில் இருந்தோம். போன்கள் வெளியே பையில். 11.10-க்கு வரவு என்ற செய்தியையும், ஐந்நூறு எடுக்கப்பட்ட செய்தியையும் சுதா ஒன்றாகத்தான் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு அம்மா பேசியிருக்கிறார்.

அது உங்கள் கூலி இல்லை, என் சினேகிதியின் ஷூ காசு என்று எப்படிச் சொல்வது? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஈரத் தலையோடு சுதா வந்தாள். கண் சிவந்திருந்தது. போனைக் கொடுத்தேன். "அம்மா கூப்பிட்டாங்க."

அவள் முகம் மாறியது. "என்ன சொன்னாங்க?"

"மிச்சக் கூலி எப்ப வரும்னு கேட்டாங்க."

"நீ எதாச்சும்..."

"நான் ஒண்ணும் சொல்லல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெனாசிரும் கயலும் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். அவர்களிடம் நான் விவரம் சொல்லவில்லை. சுதாவே சொல்ல வேண்டிய விஷயம் அது. மன்னிப்புக் கேட்டேன். போனை எடுத்ததற்கும், சொன்ன வார்த்தைக்கும், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டேன். "சரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆளுக்கு 30 என்று எவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தேன்! அந்த 120 எங்கள் பொதுச் சொத்து மாதிரி. புதிதாகச் சேர்ந்தவளுக்கு ஒரே ஒரு தரம் கிடைப்பது அது. அவள் நம்பர், அவள் கணக்கு. கூப்பன் என்னுடையது என்று அவள் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. நாங்கள் இருபது ரூபாய்க்கும் பன்னிரண்டு ரூபாய்க்கும் கத்திக்கொண்டிருந்தபோதும்.

காலையில் பல் தேய்க்கும் இடத்தில் மற்ற இருவரிடமும் சொன்னேன். "கூப்பன் சுதாவோடது. நாமதான் அவளுக்கு ஆளுக்கு முப்பது தரணும்."

கயல் வாயில் நுரையோடு யோசித்தாள். "ஆமால்ல" என்றாள்.

"அப்போ என் ரெண்டு ரூபா?" என்று பெனாசிர் கேட்டுவிட்டு, அவளே சிரித்து, அறைக்குப் போய் முப்பது ரூபாயை எடுத்துச் சுதாவின் தலையணை மேல் வைத்தாள். கயலும் வைத்தாள்.

சுதா அந்த அறுபதையும் அப்படியே என்னிடம் நீட்டினாள். "மிச்சம் 480. ரெகார்டு எழுதித் தர்றேன்னு ரெண்டு அக்காங்ககிட்ட பேசியிருக்கேன். மார்ச் கடைசிக்குள்ள முடிச்சிடறேன்."

"570-ல அந்த முப்பது? அது உனக்கு நான் தர வேண்டியது" என்றேன்.

"அதான் கழிச்சிட்டேனே. 540-லதான கணக்கு ஆரம்பிச்சேன்."

அவசரமே இல்லை, விட்டுவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் கை நீட்டியபடியே இருந்தது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் மறுபடியும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போயிருப்பாள்.

அதற்குப் பிறகு இரவு பதினொன்றுக்கு மேலும் கயலின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு விளக்கைச் சொருகி சுதா ரெகார்டு எழுதுவாள். படம் வரைவதில் எனக்குக் கை வரும். பிப்பெட், பியூரெட், ஸ்டாண்டு எல்லாம் நான் வரைந்து கொடுத்தேன். ஒரு ரெகார்டுக்கு வந்த காசில் எனக்குப் பங்கு தர வந்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முடியாது என்றேன், அவளும் விட்டுவிட்டாள்.

மார்ச் 29 அன்று கடைசி 80 ரூபாய் வந்தது. இரண்டு இருபதும் நாலு பத்தும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே கோடு போட்டு அடித்தாள்.

லீவுக்கு ஊருக்குப் போகிற அன்று டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்தாள். கிரீம் டப்பா மேல் இருந்த நெகிழித்தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"இது காலுக்குத்தானே? கை விரலுக்கும் தடவலாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

டப்பாவின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம்.