எந்தக் கேள்விக்கு எந்த ஆய்வு? – தமிழாசிரியர் ஆய்வுக் குழுவுக்கான ஒப்பீட்டு அட்டவணை

சென்ற கூட்டத்தில் ஒன்பது பேர் தலைப்பு சொன்னோம்; அதில் ஏழு பேர் "ஒரு கருத்தாய்வு எடுத்துவிடலாம்" என்று முடித்தோம். அதனால் பிறந்தது இந்த அட்டவணை. காட்சிகள் எல்லாம் கற்பனை, ஆனால் ஒரே கேள்வியைச் சுற்றி வருபவை: வீட்டுத் தமிழுக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் வாய்மொழித் தேர்வுக்கும் என்ன தொடர்பு?

| வடிவம் | பலம் | பலவீனம் | காட்சி |
|---|---|---|---|
| குறுக்குவெட்டு ஆய்வு (ஒருமுறை மட்டும் கேட்பது) | இரண்டு வாரத்தில் முடியும். "எத்தனை பேர்?" என்பதற்கு இதுவே போதும். | எது முன், எது பின் என்று தெரியாது. பேசுவதால் மதிப்பெண் வந்ததா, மதிப்பெண் வருவதால் பேசுகிறார்களா? | தொடக்கநிலை 5 மாணவர் 120 பேருக்கு ஒரே நாளில் வினாத்தாள். ஏப்ரலைத் தவிர்க்கவும்: தமிழ்மொழி விழா மாதத்தில் எல்லா வீட்டிலும் தமிழே பேசுவார்கள். |
| பின்தொடர் ஆய்வு | முன்பின் வரிசை தெளிவாகும். | காலமும் பணமும் கரையும். ஆர்வமில்லாதவர்கள் முதலில் விலகுவார்கள். மிஞ்சுவது நல்ல பிள்ளைகளின் கதை. | தொடக்கநிலை 1இல் 60 குடும்பங்கள். ஆண்டுக்கு ஒரு ஒலிப்பதிவு, தொடக்கநிலை 6 வரை. |
| பின்னோக்கு ஒப்பீடு | விளைவு தெரிந்த பிறகு தொடங்குவதால் விரைவு. அரிதான விளைவுக்கு ஏற்றது. | நினைவு ஏமாற்றும். | வாய்மொழியில் தடுமாறிய 20 பேர், சரளமாகப் பேசிய 20 பேர். "மூன்று வயதில் கதை சொன்னீர்களா?" என்று தாய்மாரிடம் கேட்டால், தடுமாறிய பிள்ளையின் தாய்தான் நினைவை அதிகம் துழாவுவார். |
| முன்–பின் ஆய்வு | ஒரே வகுப்பு போதும். | ஒப்பிட ஆளில்லை. குறிப்பு 2 பார்க்க. | கதை நேரத்துக்கு முன் ஒரு தேர்வு, 12 வாரம் கழித்து ஒன்று. |
| குலுக்கல் சோதனை | யார் எந்தக் குழு என்பதைச் சீட்டு முடிவு செய்வதால், நமக்குத் தெரியாத வேறுபாடுகளும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகும். "இதனால்தானா?" என்பதற்கு வலுவான விடை. | "என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?" என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானது. பயிற்சித்தாள் இடைவேளையில் கைமாறும். | 40 மாணவர். 20 பேருக்கு இந்தப் பருவத்தில் உரையாடல் பயிற்சி, மற்றவர்களுக்கு அடுத்த பருவத்தில். |
| தனியாள் ஆய்வு | "ஏன், எப்படி?" என்பதற்குள் நுழையலாம். | பொதுமைப்படுத்த முடியாது. பார்ப்பவர் இருப்பதே வீட்டின் பேச்சை மாற்றும். | ஈசூன் வீவக வீடு ஒன்று. பாட்டி தமிழில் கேட்கிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். "தண்ணீர்" மட்டும் தமிழில். அது ஏன்? |

குறிப்புகள்

1. குறுக்குவெட்டு ஆய்வை இரண்டு முறை எடுத்தாலும் அது பின்தொடர் ஆய்வு ஆகிவிடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. குறைந்தது தெரிகிறது, எந்த வீடு எப்போது மாறியது என்பது தெரியாது. அதற்கு ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 2009இல் கர்ப்பிணிகளிடம் தொடங்கிய குஸ்டோ ஆய்வு அத்தகையது: சீன, மலாய், இந்தியத் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது.

2. முன்–பின் ஆய்வில் நான் சூடுபட்டிருக்கிறேன். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய எட்டுப் பேரைத் தேர்ந்து, வாரம் இருமுறை கதை சொன்னேன். ஏழு பேர் முன்னேறினார்கள். அறிக்கையும் எழுதிவிட்டேன். சக ஆசிரியை ஒருவர், "முதல் தேர்வு பள்ளி விடுமுறை முடிந்த மறுநாள்தானே?" என்று கேட்டார். அன்று எல்லோருக்குமே நாக்கு இறுகியிருந்தது. அதிலும் மோசமாகச் செய்தவர்களையே பொறுக்கியதால், நான் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அடுத்த தேர்வில் சிலர் மேலே வந்திருப்பார்கள். மூன்று மாதத்தில் பிள்ளைகள் தாமாகவும் வளர்வார்கள். இன்னொரு வகுப்பையும் அதே நாள்களில் அளந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

3. சீட்டுக் குலுக்குவது கொடுமை என்று நினைப்பவர்களுக்கு: கிட்டப்பார்வைக்கான அட்ரோபின் சொட்டு மருந்தை இங்கே 400 சிறுவர்களிடம் சோதித்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டுமே சொட்டு விட்டார்கள், பாதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டு. முடிவுகள் 2006இல் வெளியாயின. ஆனால் அட்ரோபின் கண்மணியை விரித்துவிடும்; யாருக்கு மருந்து என்பதை மறைப்பது எளிதல்ல. நமக்கும் அதே சிக்கல்தான்: பயிற்சி பெறும் பிள்ளைக்குத் தான் பயிற்சி பெறுவது தெரியும். ஆகவே வாய்மொழித் தேர்வுக்கு மதிப்பெண் போடுபவராவது எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று அறியாதவராக இருக்கட்டும்.

4. எந்த வடிவமானாலும் பள்ளியின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் முதலில்.

வரும் சனிக்கிழமை உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வாருங்கள். வடிவத்தின் பெயரை எழுத வேண்டாம். கேள்வியைப் படித்துவிட்டு மற்றவர்கள் சொல்லட்டும்.