பால் கொள்முதல் பேரேடு: 17-10-2024, மாலை

காங்கேயம் வட்டம். ஒரு கிலோ கொழுப்புக்கு ரூ.800.

| உறுப்பினர் | பால் (கிலோ) | கொழுப்பு % | கிலோ விலை | தொகை |
|---|---|---|---|---|
| 14 பசு | 6.5 | 4.2 | 33.60 | 218.40 |
| 23 எருமை | 4.0 | 6.8 | 54.40 | 217.60 |
| 31 பசு | 9.0 | 3.4 | 27.20 | 244.80 |
| 38 பசு | 3.5 | 4.6 | 36.80 | 128.80 |
| மொத்தம் | 23.0 | 4.4 | | 809.60 |

குறிப்பு: 31-ஆம் எண் அண்ணன் "எப்பவும் நாலுக்கு மேல வருமே" என்று வருத்தப்பட்டார். பாலை நன்றாகக் கலக்கி, அவர் கண்முன்னே மறுபடி பார்த்தேன். அதே 3.4. விசாரித்தால், கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டிருக்கிறார். கொழுப்பு அதிகம் இருப்பதே அந்தக் கடைசிப் பாலில்தான். மழைக்குப் பச்சைப்புல் மட்டுமே போட்டாராம். சோளத்தட்டும் சேர்த்துப் போடுங்கண்ணா என்றேன். நாளைக் காலை மாதிரியை முதலில் அவருக்குத்தான் பார்க்க வேண்டும்.

14: தீவனக் கடன், பட்டுவாடாவில் பிடித்தம்.